தோலில் வந்த படையைப் படமெடுக்க: வெயிலா, திண்ணையா, ஃபிளாஷா?

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ இருப்பவர் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ராமநாதபுரம் போக வேண்டும். ராமேசுவரத்திலிருந்து கணக்குப் போட்டால் 50 கிலோமீட்டருக்கு மேல். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும் அது ஒரு நாள் வருமானம். அதனால் முதலில் ஒரு படம் போகிறது. சுகாதார நிலையத்தில் நர்ஸ் மூலம் அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி வழியாகப் போகும், இல்லையென்றால் தெரிந்த டாக்டரின் வாட்ஸ்அப்புக்குப் போகும். படம் நன்றாக இருந்தால் டாக்டரால் ஏதாவது சொல்ல முடியும். மோசமாக இருந்தால் "சரியாத் தெரியல, நேர்ல வாங்க" என்ற பதில்தான் வரும். பஸ் செலவு மிச்சமாகாது, நாலு நாள் தாமதம் மட்டும் கூடும்.

அந்தப் படத்தில் டாக்டர் தேடுவது மூன்று விஷயங்கள். நிறம் என்ன, விளிம்பு எப்படி இருக்கிறது, எவ்வளவு பெரியது. நிறத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம். விளிம்பைக் காட்டுவது வெளிச்சம் வரும் திசையும் ஃபோகஸும். அளவைச் சொல்வது பக்கத்தில் வைக்கும் ஸ்கேல். ஒவ்வொன்றுக்கும் நம் கையில் இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன. எதை எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி.

வெளிச்சத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நம் ஊரில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் உச்சிவெயில் தோலைப் படமெடுக்க உதவாது. நேர் வெயிலில் தோலின் மேடான இடங்கள் வெளுத்துப் போகும், பள்ளங்கள் கறுத்துப் போகும். வியர்வையும் எண்ணெயும் பளபளக்கும். அந்தப் பளபளப்பு விழுந்த இடத்தில் செதில் இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. மணலில் நின்று எடுத்தால் இன்னொரு சிக்கலும் சேரும். படத்தில் வெள்ளை மணல் நிறைய விழுந்தால் கேமரா மொத்த வெளிச்சத்தையும் தானாகக் குறைத்துவிடும். கை இன்னும் கறுத்து விழும்.

நான் எப்போதும் சொல்வது திண்ணை நிழல்தான். கூரை தலைக்கு மேல் இருக்க வேண்டும், எதிரே திறந்த வானம் இருக்க வேண்டும், வெயில் நேராக மேலே படக்கூடாது. வீட்டு வாசல், ஜன்னலுக்குப் பக்கம், பள்ளிக்கூடத் தாழ்வாரம் எதுவானாலும் சரி. காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் நல்ல வெளிச்சம் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடியிருந்தால் வெட்டவெளியிலேயே எடுக்கலாம். மேகமே வெயிலை வடிகட்டி எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பிவிடும்.

நிழல் என்றாலும் எல்லா நிழலும் ஒன்றல்ல. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் தோல் முழுக்க நீலம் ஏறும். பச்சை பெயின்ட் அடித்த சுவருக்குப் பக்கத்தில் நின்றால் பச்சை ஏறும். சிவப்புச் சேலை கட்டியவரின் கையை மடியில் வைத்து எடுத்தால், சேலையின் சிவப்பு தோலில் அடிக்கும், அது அழற்சி போலவே தெரியும். நம் போன்ற மாநிறத் தோலில் இது பெரிய விஷயம். வெளுத்த தோலில் அழற்சி பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். நம் தோலில் அதே அழற்சி கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ வெறும் கறுப்புக் கூடியதாகவோதான் தெரியும். அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் டாக்டர் தேடுகிறார். சுவரிலிருந்தும் துணியிலிருந்தும் வேறு நிறம் வந்து கலந்தால் அது தொலைந்துபோகும். அதனால் கைக்கு அடியில் மங்கலான சாம்பல் நிறத் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். பூப்போட்டது வேண்டாம், பளிச்சென்ற வெள்ளையும் வேண்டாம்.

ராத்திரியில் அவசரம் என்றால் என்ன செய்வது? டியூப்லைட்டா, ஃபிளாஷா என்று கேட்டால், விடியும்வரை காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள் என்பதுதான் முதல் பதில். முடியாதென்றால் வீட்டில் இருக்கும் வெள்ளை விளக்குகளை எல்லாம் போட்டு, விளக்குக்குக் கீழே நேராக உட்காராமல், சற்றுத் தள்ளி உட்காருங்கள். உங்கள் தலையின் நிழலும் போனின் நிழலும் தோலில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் குண்டு பல்பு மட்டும்தான் இருக்கிறதென்றால் நிறத்தை நம்ப வேண்டாம் என்று டாக்டருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். ஃபிளாஷை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. வாய்க்குள், கால்விரல் இடுக்கில், வெளிச்சம் நுழையாத இடங்களில் அது வேண்டும். ஆனால் ஒரு முழத்துக்கு மேல் பின்னால் போய், போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எடுக்க வேண்டும். கிட்டே வைத்து அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். பெரும்பாலும் அது படையின் மேலேயே விழும். இன்னொருவருடைய போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னால் ஃபிளாஷைவிட நல்ல படம் கிடைக்கும்.

பக்கவாட்டு வெளிச்சத்துக்குத் தனியாக ஒரு பயன் உண்டு, பலரும் அதைக் கவனிப்பதில்லை. முன்னாலிருந்து சமமாக வரும் வெளிச்சம் நிறத்தைச் சரியாகக் காட்டும், மேடு பள்ளத்தைத் தட்டையாக்கிவிடும். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து சாய்வாக வந்தால் தடிப்பின் விளிம்பு சின்ன நிழல் போடும். தொட்டால் தெரியும் மேடு அப்போது கண்ணுக்கும் தெரியும். அதனால் ஒரே இடத்தில் இரண்டு படம் எடுங்கள். ஒன்று வானத்தைப் பார்த்தபடி, இன்னொன்று ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி உடம்பைத் திருப்பி. முதல் படம் நிறத்துக்கு, இரண்டாவது மேட்டுக்கு.

சரி, அளவு. பழக்கத்தில் எல்லோரும் வைப்பது காசு. ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுத்து அனுப்புவார்கள். ஆனால் ஒரு ரூபாய் என்பது ஒரே அளவில்லை. பழைய காசு 25 மில்லிமீட்டர் விட்டம், 2011-க்குப் பிறகு வந்தது 22, 2019-ல் வந்த புது வரிசை 20. மூன்றும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. டாக்டர் எந்தக் காசு என்று கவனிக்காவிட்டால் நாலில் ஒரு பங்கு வரை பிசகும். காசுதான் வழி என்றால் பத்து ரூபாயை வையுங்கள். இரண்டு உலோகம் சேர்ந்த அந்தக் காசு ஆரம்பத்திலிருந்தே 27 மில்லிமீட்டர்தான். ஆனாலும் காசு பளபளக்கும், மீன் கடையில் புழங்கிய அழுக்கும் அதில் இருக்கும். திறந்த புண்ணுக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. விரலை வைத்துக் காட்டுவதும் உதவாது, ஆளுக்கு ஆள் விரல் வேறு.

பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேல் காசைவிட மேல். ஆனால் அது கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அடிக்கும், கோடுகள் படிக்க முடியாமல் போகும். தையல்காரரின் இஞ்ச் டேப் கைகாலின் வளைவோடு படியும், அதில் சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பி வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது காகிதப் பட்டை. நோட்டுத் தாளில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, ஸ்கேலை வைத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பேனாவால் போடுங்கள். அதிலேயே தேதியும், வலது கையா இடது கையா என்பதையும் எழுதிவிடுங்கள். பளபளக்காது, வளையும், முடிந்ததும் தூக்கிப் போடலாம். இன்னொரு லாபமும் இருக்கிறது. காகிதம் வெள்ளை என்று டாக்டருக்குத் தெரியும். படத்தில் அது மஞ்சளாகத் தெரிந்தால், தோலின் நிறத்திலும் மஞ்சள் ஏறியிருக்கிறது என்று கழித்துப் பார்த்துக்கொள்வார். பட்டை ஒல்லியாக இருக்கட்டும். முழுத் தாளை விரித்தால் மணலில் நடந்த கதைதான், கேமரா தோலைக் கறுக்கடித்துவிடும்.

பட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்பது எதை வைக்கிறீர்கள் என்பதற்குச் சமம். படைக்கு மேல் வைக்கக்கூடாது, விளிம்பிலிருந்து அரை விரல் தள்ளி, தோலை ஒட்டி வைக்க வேண்டும். கையில் தூக்கிப் பிடித்தால் அளவு பொய் சொல்லும். போன் தோலிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கிறது, பட்டை தோலைவிட 2 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனுக்குப் பட்டை 8 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, அதனால் கால் பங்கு பெரிதாகத் தெரியும். 45 மில்லிமீட்டர் படை அதில் 36 என்று படிக்கும். அதே தப்பை 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து செய்தால் 42 என்று படிக்கும். இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று சொல்ல வேண்டியவருக்கு இந்த வித்தியாசம் போதும், குழம்பிப்போக.

இதிலிருந்தே தூரத்துக்கும் பதில் கிடைக்கிறது. கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் பல போன்களால் 10 சென்டிமீட்டருக்குள் ஃபோகஸ் செய்ய முடியாது. தோல் மங்கலாகி, பின்னால் இருக்கும் பாய் தெளிவாக விழும். விலை குறைந்த போன்களில் இருக்கும் மேக்ரோ கேமரா பெரும்பாலும் அதன் முதன்மைக் கேமராவைவிட மிகவும் மட்டமானது. ஒரு சாண் தூரத்துக்கு மேல், ஏறத்தாழ 25 முதல் 30 சென்டிமீட்டரில் நின்று, 2x ஜூம் வைத்து எடுப்பது நல்லது. திரையில் படையின் விளிம்பைத் தொடுங்கள், ஃபோகஸ் அங்கே நிற்கும். தோல் வெளுத்துத் தெரிந்தால் விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். கறுத்த தோல் திரையை நிறைத்திருக்கும்போது கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும். தேமல் மாதிரி வெளுத்த புள்ளிகள் அப்போது சுற்றியிருக்கும் தோலோடு கலந்துவிடும்.

செல்ஃபி கேமரா வேண்டாம். தோலை மிருதுவாக்கும் பியூட்டி வசதி அதில் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும், செதிலையும் பருவையும் அழித்துவிடும். சில போன்களில் படம் கண்ணாடிபோல இடம் வலம் மாறியும் விழும். முதுகோ தோள்பட்டையோ என்றால் வீட்டில் ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் ஓர் அக்காவின் கையில் வந்த படையை வைத்துச் சொல்கிறேன், எல்லாம் சேர்ந்து எப்படி வேலை செய்கிறது என்பது தெரியும். வலது முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்கு மேலே அரிப்பு. கடலில் நிற்கும்போது எரிச்சல், வீட்டுக்கு வந்ததும் அரிப்பு. பாசி பட்டதால் என்று அவர் நினைத்தார், சொறிமீன் பட்டிருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மகன் ராத்திரி கொட்டகைக்குள் ஃபிளாஷ் போட்டு, கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினான். அதில் தெரிந்தது பளபளக்கும் ஒரு கறுப்புத் திட்டு. தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவியிருந்தது. விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. டாக்டர் ஒன்றும் சொல்லாமல், காலையில் கழுவிவிட்டு எடுத்து அனுப்பச் சொன்னார்.

மறுநாள் நர்ஸ் சொன்னபடி செய்தார்கள். எண்ணெயும் மஞ்சளும் உப்பும் போக நல்ல தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கால் மணி நேரம் விட்டார்கள். தேய்த்த உடனே எடுத்தால் தேய்த்த சிவப்பும் படத்தில் சேர்ந்துவிடும். அப்புறம் திண்ணையில், சாம்பல் துண்டின் மேல் கையை வைத்து நாலு படம். முதலாவதில் இரண்டு முன்கைகளும் பக்கம் பக்கமாக, எந்த இடம், ஒரு கையிலா இரண்டிலுமா என்று தெரிய. இரண்டாவதில் முழு முன்கை. மூன்றாவது கிட்டத்தில், காகிதப் பட்டையோடு. நாலாவது அதே இடம், சாய்ந்த வெளிச்சத்தில்.

இப்போது திட்டு ஒரு வளையமாகத் தெரிந்தது. பட்டையின் கோடுகளை வைத்துப் பார்த்தால் குறுக்கே நாலரை சென்டிமீட்டர். நடுப்பகுதி ஏறத்தாழ நல்ல தோல், சுற்றிலும் கருஞ்சிவப்பு விளிம்பு, சாய்ந்த வெளிச்சத்தில் விளிம்பு மேடாக, மேலே பொடிச் செதில். கடலில் ஏதாவது பட்டு வந்த அழற்சியாக இருந்தால் பெரும்பாலும் பட்ட இடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் கோடுகோடாக இருக்கும். நடு தெளிந்து விளிம்பு மட்டும் நகர்ந்துகொண்டே போவது பூஞ்சையால் வரும் படர்தாமரையின் வழி. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் விளிம்பு மங்கியிருந்தது. அதைப் பார்த்த டாக்டர் கேட்ட கேள்வி, "என்ன க்ரீம் போட்டீங்க?" மருந்துக் கடையில் அரிப்புக்கென்று வாங்கிய டியூப். அதையும் படமெடுத்து அனுப்பினார்கள், ஸ்டீராய்டு கலந்தது. அது அரிப்பை அடக்கும், பூஞ்சைக்கு இடம் கொடுக்கும், விளிம்பையும் மறைக்கும். அந்த க்ரீமை நிறுத்தச் சொல்லி, பூஞ்சைக்கான மருந்து எழுதிக் கொடுத்தார். எங்கே என்ன தடவினீர்கள் என்பதைப் படத்தோடு சேர்த்து எழுதுவதும், டியூப்பின் பெயர் தெரியும்படி ஒரு படம் சேர்ப்பதும் இதனால்தான் முக்கியம்.

அனுப்புவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தை நசுக்கி அனுப்பும், பொடிச் செதில் அதில் கரைந்துவிடும். HD என்பதைத் தட்டி அனுப்புங்கள், அல்லது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போட வேண்டாம். முகம் தேவையில்லையென்றால் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறைவான இடம் என்றால் டாக்டரோ நர்ஸோ கேட்டால் மட்டும் எடுங்கள், அனுப்பியதும் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

எவ்வளவு நல்ல படமானாலும் சில விஷயங்கள் அதில் வராது. வெளுத்த திட்டில் உணர்ச்சி இருக்கிறதா என்பதை எந்தக் கேமராவாலும் சொல்ல முடியாது. பஞ்சு நுனியால் தொட்டால் தெரியவில்லை, சூடு பட்டாலும் உறைக்கவில்லை என்றால் தொழுநோய்க்காகப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போங்கள், மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ புதிதாக வந்து பெரிதாகிக்கொண்டே போகும் கறுப்புப் புள்ளியையும் பட்டை வைத்துப் படமெடுங்கள், ஆனால் அது நேரில் போவதற்கு முன் வரும் ஒரு பதிவுதான். படத்தில் சாதாரணமாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னாலும் காட்டாமல் விடாதீர்கள்.

படமே எடுக்காமல் கிளம்ப வேண்டிய நேரமும் உண்டு. சொறிமீன் பட்டு மூச்சு வாங்கினாலோ முகம் உதடு வீங்கினாலோ. காய்ச்சலோடு சிவப்பு அல்லது ஊதாப் பொட்டுகள் வந்து, கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன் மேல் வைத்து அழுத்தினாலும் மறையாமல் இருந்தாலோ. கடல் தண்ணீர் பட்ட காயத்தைச் சுற்றிச் சில மணி நேரத்துக்குள் வீக்கம் பரவி, தாங்க முடியாத வலியும் கொப்புளமும் காய்ச்சலும் வந்தாலோ. சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது மிக வேகமாக முற்றும். இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். காயத்தைச் சுற்றி வீக்கம் என்றால் அதன் எல்லையைப் பேனாவால் தோலிலேயே கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிவிட்டுக் கிளம்புங்கள். போய்ச் சேரும்போது கோட்டைத் தாண்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்று அங்கிருக்கும் டாக்டர் பார்த்துக்கொள்வார்.